புள்ளி வைக்கிற மாதிரி தொடு

முதல் சில வாரங்கள் வீடியோ காலில் நான் அதிகம் பார்த்தது அம்மாவின் வலது காதைத்தான். ஏழுகல் தோடு, அதன் கனத்தில் கீழே இழுத்துக்கொண்டு போன துளை, காதோரம் பிசிறாக நரைத்த முடி. "சொல்லு கண்ணு, நல்லா கேக்குது" என்று குரல் வரும். முகம் வராது. "ம்மா, போனை முன்னாடி பிடிம்மா" என்று நான் கத்தினால், கத்துவது கேட்கிறதே என்று இன்னும் அழுத்தமாகக் காதில் வைத்துக்கொள்வாள்.

2022 ஏப்ரலில் தம்பி வந்து அம்மாவை நியூ ஜெர்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அப்பா போன பிறகு அவள் இரண்டு வருடம் என்னோடுதான் கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். அங்கே தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சின்னப் பெண் ஒன்று இருக்கிறது, அது இவளை "ஆயா, ஆயா" என்று போனிலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆசை காட்டியிருந்தது. போனாள். எழுபத்தொரு வயதில் முதல் முறையாக விமானம் ஏறினாள்.

செஞ்சி சாலையில் நான் ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் என்று சுற்று வட்டார கிராமங்களிலிருந்து நாள் முழுக்க ஆள் வந்துகொண்டிருக்கும் இடம். வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். களை பறித்து, நாற்று நட்டு, சாணி தட்டித் தேய்ந்த விரல்கள். ரேகை பதியும் கருவியில் அவர்கள் கட்டை விரலை வைத்தால் பல நேரம் எடுக்காது. ஈரத்துணி ஒன்று மேசையில் எப்போதும் இருக்கும். விரலைத் துடைத்து, ஒத்தி, மறுபடி வைக்கச் சொல்வேன். இதெல்லாம் தினமும் செய்கிறவன், என் அம்மாவுக்கு ஒரு போன் எடுக்கச் சொல்லித்தர முடியாமல் பல நாள் தவித்தேன். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

கோடை முழுக்கச் சிக்கல் இல்லை. யாராவது வீட்டில் இருப்பார்கள், எடுத்து அம்மா கையில் கொடுப்பார்கள். செப்டம்பரில் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. காலை ஏழேகாலுக்கெல்லாம் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அம்மா தனி. எனக்கு மாலை ஐந்தரை என்றால் அவளுக்குக் காலை எட்டு. கடையில் கூட்டம் குறைகிற நேரம், அவள் காபி குடித்து முடித்த நேரம். அந்த நேரத்தைத்தான் எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். நவம்பர் 6-ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள்; அது தெரியாமல் நான் வழக்கம்போல ஐந்தரைக்குக் கூப்பிட, அங்கே ஏழு மணி, அவள் குளியலறையில் இருந்திருக்கிறாள். அவள் எட்டு மணிக்கு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் இங்கே கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முடியும்வரை நம் மணியிலிருந்து பத்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும், கோடையில் ஒன்பதரை என்பதை அன்றைக்குத்தான் சுவரில் எழுதி ஒட்டினேன்.

அக்டோபரில் அம்மாவின் பழைய போன் கீழே விழுந்து உடைந்தது. தம்பி புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது. நான் கூப்பிடுவேன், அடித்து அடித்து ஓயும். மறுபடி கூப்பிடுவேன், ஓயும். தம்பியிடம் இரவில் கேட்டால், "அம்மா பக்கத்துலதான் இருந்துச்சாம்ணா. பச்சையை அமுக்கி அமுக்கிப் பாத்துச்சாம், எடுக்கலையாம்" என்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லிக் கொடுப்பான். அவன் விரல் போகிற வேகத்தில் அம்மாவும் "ம், ம்" என்பாள். திங்கட்கிழமை மறுபடி அடித்து ஓயும்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் நன்றாகப் படிப்பாள், மெதுவாக எழுதுவாள். ஆங்கிலம் தெரியாது. சரி, எழுதி அனுப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பினேன். "அம்மா, நான் கூப்பிடும்போது பச்சை பட்டனை அமுக்கு. அப்புறம் கேமராவை ஆன் பண்ணு." அவ்வளவுதான். எனக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. அதில் இருந்த மூன்று தவறுகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

முதல் தவறு எனக்குத் தெரிந்தது கடைக்கு வந்த ஒரு பாட்டியால். உதவித்தொகை விஷயமாக வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "ஆயா, எனக்கு ஒரு உதவி பண்றியா?" என்று கேட்டு என் போனைப் பூட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்த என் மனைவியிடம் அந்தப் போனை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னேன். மணி அடித்தது. "பச்சையை அமுக்கு ஆயா" என்றேன். வாயைத் திறக்காமல் அவர் விரலை மட்டும் பார்த்தேன். கட்டை விரலை அந்தப் பச்சை வட்டத்தின்மேல் வைத்தார். அழுத்தினார். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். எடுக்கவில்லை என்றதும் இன்னும் அழுத்தினார். அந்தப் பச்சை வட்டம் விரலுக்கடியில் ஒரு குதி குதித்துவிட்டு மறுபடி இருந்த இடத்திலேயே நின்றது. மணி ஓய்ந்தது.

அமுக்கு என்கிற சொல் பழைய பட்டன் போனுக்கு உரியது. அதில் பட்டன் உள்ளே போகும், விரலுக்குத் தெரியும். கண்ணாடித் திரையில் உள்ளே போவதற்கு ஒன்றும் கிடையாது. அது அழுத்தத்தைப் பார்ப்பதில்லை; தோல் அதன்மேல் படுகிறதா, பட்டு எவ்வளவு நேரம் இருக்கிறது, பட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. விரலை வைத்து உடனே எடுத்தால் அது ஒரு கட்டளை. ஏறக்குறைய அரை நொடிக்கு மேல் வைத்திருந்தால் வேறு கட்டளை. வைத்து இழுத்தால் இன்னொன்று. திரை பூட்டியிருக்கும்போது அந்தப் பச்சை வட்டத்தை மேலே இழுத்தால்தான் கால் எடுக்கும். நான் இத்தனைக்கும் சேர்த்து அமுக்கு என்கிற ஒரே சொல்லைக் கொடுத்திருந்தேன். அம்மா அதற்கு உண்மையாக இருந்து, அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மூன்று செயலுக்கும் அவள் கை ஏற்கெனவே அறிந்த மூன்று சொல் வேண்டியிருந்தது. மார்கழி மாதம் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிற கை அது. புள்ளி வைப்பதும் கோடு இழுப்பதும் அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புள்ளி வைக்கும்போது விரல் அங்கே தங்காது. தங்கினால் மாவு கொட்டிவிடும். கோடு இழுக்கும்போது விரலைத் தூக்க மாட்டாள். தூக்கினால் கோடு அறுந்துவிடும். தொட்டு எடுப்பதற்குப் புள்ளி, தள்ளுவதற்குக் கோடு என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டே இருப்பதற்கு, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துக் காயும்வரை பிடித்திருப்பதைச் சொன்னேன்.

ஆனாலும் சில நாள் எடுக்கவில்லை. "நீ சொன்ன மாதிரிதான்டா இழுத்தேன், அது வரமாட்டேங்குது" என்று குரல் மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டபோது என் பார்வை மேசைமேலிருந்த ஈரத்துணியில் பட்டது. அந்த ஊர்க் குளிருக்கு வீட்டுக்குள் நாள் முழுக்கச் சூடான காற்று ஓடிக்கொண்டிருக்கும். தோல் வறண்டுபோகும். "விரல் நுனியெல்லாம் வெடிச்சுப்போச்சு, தேங்கா எண்ணெய் தடவிக்கிறேன்" என்று அவளே ஒரு நாள் சொல்லியிருந்தாள். திரை நம் விரலைக் கண்டுகொள்வது, ஈரம் உள்ள விரல் பட்டால் அதில் உண்டாகும் சிறு மின்மாற்றத்தால். காய்ந்து தடித்த தோல் என்றால் தொட்டதே அதற்குத் தெரியாமல் போகும். நகம் பட்டாலும் தெரியாது. ரேகைக் கருவிக்குச் செய்கிற அதே வைத்தியம்தான் இதற்கும்: ஈரத்துணியில் துடை, புடவையில் ஒத்து, பிறகு தொடு. ஈரம் சொட்டக் கூடாது. சொட்டினால் திரை நீரையும் விரலாக எண்ணித் தடுமாறும்.

இப்படியாகக் கால் எடுப்பது நவம்பர் நடுவில் சரியானது. குரல் வந்தது. படம் மட்டும் வரவில்லை. கறுப்பாக இருந்தது.

கறுப்பு என்றால் எல்லாம் ஒரே கறுப்பு இல்லை என்பதை நான் அப்போது அறியவில்லை. "கேமராவை ஆன் பண்ணும்மா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். இது இரண்டாவது தவறு. அவள் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்காமல், என் பக்கத்தில் தெரியாததை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவியின் போனையும் என் போனையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். விரலோ சேலையோ கேமராக் கண்ணை மறைத்திருந்தால் வருகிற கறுப்பில் ஒரு செம்மை இருக்கும், வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் அசையும். அவள் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதுவும் அதே மாதிரி கறுத்திருக்கும். கேமராவே நின்றுபோயிருந்தால் அந்தப் பெட்டியில் அவள் முகத்துக்கு வழியே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "ம்மா, மூலையில சின்னதா உன் மூஞ்சி தெரியுதா?"

"இல்லையே கண்ணு. நீதான் பெருசா தெரியிறே. ஷேவ் பண்ணலையா?"

அவளுக்கு நான் தெரிகிறேன், எனக்கு அவள் தெரியவில்லை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

கேமராப் படத்தைத் தொடு என்றேன். தேடினாள். "கேமரா ஒண்ணும் இல்லையேடா இங்க" என்றாள். அவள் மனதில் கேமரா என்பது திருவண்ணாமலை ஸ்டூடியோவில் கல்யாணப் போட்டோ எடுத்த பெட்டி, நடுவில் வட்டக் கண்ணாடி. வீடியோ காலில் இருக்கும் படம் அது இல்லை. ஒரு நீளக் கட்டம், அதன் பக்கத்தில் ஒரு முக்கோணம். நான் சொல்வதை நிறுத்திவிட்டு, "சரி, கீழ என்னென்ன இருக்குதுன்னு நீ சொல்லு" என்றேன். முதல் முறையாக அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செவப்பு ஒண்ணு. மைக்கு மாதிரி ஒண்ணு. மீனு மாதிரி ஒண்ணு இருக்குது, அது மேல குறுக்கால கோடு போட்டிருக்குது."

மீன்தான். உடம்பும் வாலும். எத்தனை வருடமாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன், மீனாக ஒரு நாளும் தெரிந்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மீன் என்றுதான் பெயர்.

மீனைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ வந்து போனது என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதிய போனில் முதல் தடவை வீடியோ கால் எடுக்கும்போது, கேமராவைப் பயன்படுத்தலாமா என்று போன் அனுமதி கேட்கும். மூன்று வரி வரும். முதல் வரியைத் தொட்டால் அனுமதி. கடைசி வரி மறுப்பு. யாரும் இல்லாத வீட்டில், படிக்கத் தெரியாத எழுத்து திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வாள்? "கீழ இருக்கிறதுதான் மூடுறதுன்னு நெனச்சு அதைத் தொட்டேன். ரெண்டு தரம் வந்துச்சு, ரெண்டு தரமும் மூடிட்டேன்" என்றாள். இப்போதைய ஆண்ட்ராய்டில் இரண்டு முறை மறுத்துவிட்டால் மூன்றாம் முறை அது கேட்பதே இல்லை. வீட்டுக்குக் காவல் நிற்கிற நாய் மாதிரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மீனை எத்தனை முறை தொட்டாலும் கேமரா திறக்காது. உள்ளே போய் அனுமதியை மாற்ற வேண்டும்.

தம்பியிடம் சொன்னால் இரவில் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். சொல்லும்மா என்றேன். "வேலையை முடிச்சிட்டு களைச்சு வர்ற புள்ளைகிட்ட போனைத் தூக்கிட்டுப் போய் நிக்கிறதா? நீ சொல்லு, நான் பண்றேன்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஆனால் வந்த ஏழு மாதத்தில், அந்த வீட்டில் எத்தனை விஷயத்துக்கு அவள் இன்னொருவரை எதிர்பார்த்து நின்றிருக்கிறாள் என்பது எனக்குக் கேட்டது. அடுப்பு பற்றவைக்க, குழாயில் வெந்நீர் திருப்ப, கதவு திறக்க. இதையாவது அவளே செய்யட்டும் என்று நானும் முடிவு செய்தேன்.

குரல் காலில் ஸ்பீக்கரைப் போடவைத்து, காலை வெட்டாமல் முகப்புத் திரைக்கு வரவைத்தேன். வாட்ஸ்அப் படத்தின்மேல் விரலை வைத்துத் திருஷ்டிப் பொட்டு மாதிரி பிடித்திரு என்றேன். ஒரு சின்னப் பெட்டி விரிந்தது. அதில் வட்டத்துக்குள் i என்ற எழுத்து: "வட்டம், உள்ள ஒரு குச்சி, குச்சிமேல ஒரு புள்ளி." கண்டுபிடித்தாள். அடுத்த பக்கத்தில் `Permissions` என்ற சொல்லை அவள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து தெரியாதவளுக்கு எழுத்தைப் படமாகத்தான் சொல்ல முடியும். "நேரா நிக்கிற கோலு. கோல் உச்சியில வலது பக்கம் பாதி வட்டம். குடை கைப்பிடியைத் தலைகீழா பிடிச்ச மாதிரி." நான்கு வரி தள்ளி வேறொன்றைத் தொட்டாள். பின்னால் வரவைத்து மறுபடி. இரண்டாம் முறை சரியாகத் தொட்டாள். அங்கே `Camera` என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் அறிந்த அசல் ஸ்டூடியோ கேமராவின் படமே இருந்தது. "தோ இருக்குதுடா கேமரா!" என்றாள். அதைத் தொட்டதும் மூன்று வரி. "மூணுல மேல இருக்கிறதை" என்றேன். மேல் வரி `Allow only while using the app`. அதன் பக்கத்து வளையத்தில் புள்ளி விழுந்ததா என்று கேட்டேன். விழுந்தது என்றாள்.

நாற்பது நிமிடம் ஆனது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களும் அவசரப்படுத்தவில்லை; மீன் கிடைத்ததா என்று ஒருவர் கேட்டார்.

திரையைப் பகிர்ந்து காட்டும் வசதி வாட்ஸ்அப்பில் வந்தது 2023-இல். இருந்திருந்தால் இவ்வளவு பாடு இருந்திருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். அதைத் தொடங்கவும் அவள்தான் இரண்டு மூன்று இடத்தில் தொட வேண்டும். அதையும் எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது தவறு மெசேஜை அனுப்பிய நேரம். கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அனுப்புவேன். அவள் நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே என் கால் வந்து அந்த மெசேஜை மறைத்துவிடும். எப்படி எடுப்பது என்று எழுதியிருப்பதும் அதே போனில், எடுக்க வேண்டியதும் அதே போனை. அவள் பாவம், கால் ஓய்ந்த பிறகு மிச்சத்தைப் படிப்பாள். ஆகவே முதல் நாளே அனுப்பி, தாளில் எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நல்ல நேரம் பார்க்க இங்கிருந்து தினசரி காலண்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போயிருந்தாள். கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றின் பின்பக்கம் காலிதான்.

அந்த வருடம் கார்த்திகை தீபம் டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. கோயிலில் அர்த்தநாரீசுவரர் கொடிமரத்தருகே வந்து காட்சி தரும் அந்தச் சில நிமிடத்தில், மாலை ஆறு மணிக்கு, மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். எங்கள் ஊருக்கு மலை இருபது கிலோமீட்டர் சுமார். மேற்கே பார்த்து மொட்டை மாடியில் நின்றால் தெரியும். மலையில் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்தை விட்டுப் போகாத அம்மாவுக்கு, மலைத் தீபம் பார்க்காத முதல் கார்த்திகை அது. நமக்கு ஆறு என்றால் அவளுக்குக் காலை ஏழரை. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அவளாக எடுக்க வேண்டும், அவளாக மீனைத் தொட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத என் மனைவியிடம் போனைக் கொடுத்து, நான் எழுதியதை மட்டும் செய்யச் சொல்லிப் பார்த்தேன். இடறிய இடத்தைத் திருத்தினேன். அனுப்பியது இதுதான்:

"அம்மா, இதைப் பொறுமையா படி. இன்னிக்கு நான் கூப்பிட மாட்டேன். படிச்சுட்டு காலண்டர் தாள் பின்னாடி எழுதி வெச்சுக்கோ. நாளைக்கு ஒரு தடவை பழகிப் பாப்போம். நாளன்னைக்கு தீபம்.

"ஏழேகாலுக்கு ஜன்னலைப் பாத்த மாதிரி உக்காரு. ஜன்னல் உன் முதுகுப் பக்கம் இருந்தா மூஞ்சி இருட்டா தெரியும். ஈரத்துணியில விரலைத் தொடச்சு, புடவையில ஒத்திக்கோ.

"மணி அடிக்கும். மேல என் படம் தெரியும். கீழ மூணு வட்டம். நடுவுல இருக்கிறது பச்சை. அதை அமுக்காதே. ஆள்காட்டி விரலை அது மேல வெச்சு, எடுக்காம மேல் பக்கமா கோடு இழு. நாலு விரக்கடை இழுத்தா போதும்.

"மணி நின்னுடுச்சுன்னா நான் வந்துட்டேன்னு அர்த்தம். காதுல வெக்காதே. அப்பா போட்டோவைக் கையில எடுத்துப் பாப்பியே, அந்த மாதிரி முன்னாடி பிடி. தூரம் அவ்வளவுதான். மேல் விளிம்புல கடுகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு பாரு, அதுதான் போனோட கண்ணு. அது மேல விரல் படக் கூடாது.

"இப்ப ரெண்டு பேர் தெரியணும். நான் பெருசா. மூலையில நீ சின்னதா. மூலையில நீ இருந்தா எல்லாம் சரி, எதையும் தொடாதே. இல்லைன்னா திரை நடுவுல ஒரு புள்ளி வை. கீழ படங்க வரும். மீன் மேல குறுக்கக் கோடு இருந்தா, மீன் மேல ஒரு புள்ளி வை. கோடு போயிடும். நீ வந்துடுவே. படங்க கொஞ்ச நேரத்துல தானா மறைஞ்சுடும், பயப்படாதே, திரும்ப நடுவுல புள்ளி வெச்சா வரும்.

"மூலையில இருக்கிற உன் படத்தைத் தொட்டுட்டா நீ பெருசாவும் நான் சின்னதாவும் மாறிடுவேன். நான் எங்கயும் போகல. திரும்பத் தொட்டா சரியாயிடும்.

"தப்பா எதைத் தொட்டாலும் போன் கெட்டுப் போகாது. காசும் போகாது. கட் ஆயிட்டா நீ கூப்பிடாதே, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா யாருக்கும் கிடைக்காது. நானே கூப்பிடுவேன். பத்து தடவை கட் ஆனாலும் பதினோராவது தடவை கூப்பிடுவேன்."

காசு போகாது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்தில் பெங்களூரிலிருந்த மாமாவிடம் அம்மா பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்பு எண்கள் ஓடும் அந்த மீட்டரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். நலமா என்று கேட்பதற்குள் வைத்துவிடுவாள். இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், "சரி, வெச்சுடட்டுமா, ஏறிட்டே போகுமே" என்பாள்.

திங்கட்கிழமை பழகிப் பார்த்தோம். இரண்டு தடவை அறுந்து மூன்றாம் தடவை வந்தாள். நெற்றியும் மேற்கூரையும்தான் தெரிந்தன. "கொஞ்சம் இறக்கிப் பிடி" என்றேன். கண் வந்தது, மூக்கு வந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். இளைத்திருந்தாள். குரலில் அது தெரிந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தேமுக்காலுக்கே மாடியில் எல்லோரும் நின்றோம். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள். கைப்பிடிச் சுவரில் என் மகள் அகல்களை வரிசையாக வைத்து எண்ணெய் ஊற்றியிருந்தாள். நான் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். குரல் வந்தது, திரை கறுப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் தனக்குத் தானே முணுமுணுப்பது கேட்டது: "நடுவுல ஒரு புள்ளி... மீனு மேல கோடு... மீனு மேல ஒரு புள்ளி." திரை ஒரு கணம் வெளுத்தது. அம்மா வந்துவிட்டாள். தலை வாரி, விபூதி பூசி, அந்த ஊர்க் காலை வெயில் முகத்தில் விழ உட்கார்ந்திருந்தாள். கையில் காலண்டர் தாள்.

ஆறு மணிக்கு மலையில் பொறி மாதிரி ஒன்று தோன்றியது. அண்ணாமலையாருக்கு அரோகரா என்று மாடிக்கு மாடி குரல் எழுந்தது. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி மலையைக் காட்டினேன். இருபது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சுடரை, இருட்டுகிற நேரத்தில், கைப்போனின் வீடியோவில் பிடிக்க முடியாது. பெரிதாக்கினாலும் வெறும் புழுதியாகத்தான் தெரியும். அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மனம் வரவில்லை. "தெரியுதாம்மா?" என்றேன். "மலை எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டாள். விரலை லென்ஸுக்கு முன்னால் நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "விளக்கை ஏத்துங்க, காத்து வர்றதுக்குள்ள" என்றாள். என் மகள் ஏற்றிக்கொண்டே போக, போனை அகல்களின் பக்கம் பிடித்தேன். அவை தெளிவாகத் தெரிந்தன. அவளும் அங்கே மேசையில் ஒரு அகல் வைத்திருந்தாள். போனை எதன் மேலோ சாய்த்துவிட்டு ஏற்றினாள். ஏற்றும்போது காலண்டர் தாள் கேமராவுக்கு நேரே வந்தது. கட்டம் கட்டமாக, பெரிய எழுத்தில், நான் போடாத எண்களைப் போட்டு ஏழு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரு சின்னப் படம்: வட்டம், மேலே போகும் கோடு, கண், மீன்.

அரை மணி நேரம் பேசினோம். பேச ஒன்றும் இல்லாதபோதும் காலை வைக்கவில்லை. எப்படி வைப்பது என்று நான் எழுதவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சரிடா கண்ணு, எனக்குப் பாத்திரம் கிடக்குது" என்று எழுந்து போனாள். திரையில் அந்த அகலும், ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே இலை கொட்டிய ஒரு மரமும் இருந்தன. உள்ளே எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம், தட்டு ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். போனைக் கைப்பிடிச் சுவரில் விளக்கு வரிசையின் நடுவே சாய்த்து வைத்தேன். காற்றில் அணைந்த இரண்டு அகலை மகள் மறுபடி ஏற்றினாள். கடைசி அகலுக்கு எண்ணெய் போதவில்லை. நான் கீழே போய் எடுத்துக்கொண்டு வந்தபோதும் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது.